சமரசச் சுருக்கம்: செய்யப்போவது யார்?

“ஐயா, குடியாத்தம் பக்கம் அண்ணன் தம்பி கிணற்றுத் தகராறு ஒன்று நீதிமன்றச் சமரச மையத்தில் முடிந்தது. மத்தியஸ்தர் எழுதிய சுருக்கத்தைத் திருத்தி எழுத என்னிடம் தந்திருக்கிறார்கள். யார் பக்கமும் சாயாமல் எப்படி எழுதுவது?”

கேள்வியோடு சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன், கேளுங்கள்: “அண்ணன் தன் தவறை உணர்ந்து, தம்பிக்குத் தண்ணீர் தர ஒப்புக்கொண்டார். மோட்டார் விரைவில் பழுது பார்க்கப்படும். செலவு பகிர்ந்துகொள்ளப்படும்.”

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் பல்லவி தெரியும். எந்த ஒப்பந்தமானாலும் வினைச்சொல்லைப் பிடித்து, “செய்யப்போவது யார்?” என்று கேளுங்கள். ‘பழுது பார்க்கப்படும்’ என்றால் யார் பார்ப்பது? மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கிறது, மோட்டார் வாங்கியது தம்பி. அவர் செய்வார் என்று இவரும், இவர் செய்வார் என்று அவரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ‘விரைவில்’ இன்னும் மோசம். வாலாஜாபேட்டையில் ஒரு சுற்றுச்சுவர் விவகாரத்தில் அந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டு மழைக்காலத்தை ஓட்டினார்கள்.

நான் இப்படி எழுதுவேன்: “முதல் தரப்பினர் ஜூன் 15-க்குள் மோட்டாரைப் பழுது பார்த்து, ரசீது நகலை இரண்டாம் தரப்பினரிடம் கொடுப்பார். இரண்டாம் தரப்பினர் நகல் கிடைத்த 7 நாட்களுக்குள் ரசீதுத் தொகையில் பாதியை முதல் தரப்பினரின் வங்கிக் கணக்கில் செலுத்துவார்.” ஒரு வாக்கியத்தில் ஒரே ஆள், ஒரு கெடு. தண்ணீர் முறையையும் அப்படியே எழுத வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் முதல் முறை யாருக்கு, எந்தத் தேதியில்? தம்பியின் நாளில் மும்முனை மின்சாரம் வராவிட்டால் அந்த முறை மறுநாளுக்குப் போகுமா, போகாதா? அடுத்த சண்டை அங்கேதான் காத்திருக்கிறது.

சாயாமல் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தவறை உணர்ந்து’ என்பதை எடுத்துவிடுங்கள். சமரசப் பேச்சில் யார் எதை ஏற்றார், யார் அழுதார் என்பதெல்லாம் ரகசியம். இனி செய்யப்போவது மட்டுமே தாளில் வர வேண்டும். அண்ணன் ‘ஒப்புக்கொண்டார்’, தம்பி ‘பெருந்தன்மையுடன் சம்மதித்தார்’ என்று எழுதினால் அண்ணன் கையெழுத்துப் போடமாட்டார். இருவருக்கும் ‘தருவார்’, ‘செலுத்துவார்’ போதும்.

ஆனால் கேள்வி அனுப்பிய தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. நான் எழுதிய ஜூன் 15 எங்கிருந்து வந்தது? மாதிரிக்காக நானே போட்டது. ‘பாதி’யும் அப்படித்தான், மூலத்தில் ‘பகிர்ந்து’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் அப்படிப் போடக்கூடாது. அவர்கள் பேசாத தேதியையும் தொகையையும் சேர்த்தால் அது திருத்தம் அல்ல, புது ஒப்பந்தம். அந்த இடங்களில் கோடிட்டு விட்டு, கேள்வியாக மத்தியஸ்தருக்கு அனுப்புங்கள். அவர் இருவரையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். பிறகு முழுவதையும் இருவர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்கட்டும். நீதிமன்றம் அதன்படி தீர்ப்பாணை பிறப்பித்துவிட்டால், பின்னால் நிறைவேற்று மனு போடும்போது தீர்ப்பாணையில் உள்ளதைத்தான் பார்ப்பார்கள். விடுபட்ட தேதியை அங்கே யாரும் சேர்த்துத் தரமாட்டார்கள்.