பொய் ஒளிந்திருப்பது ‘முன்’ படத்தில்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் பயனீட்டாளர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் நம் புலனக் குழுக்களில் ஒரு விளம்பரம் தவறாமல் வந்து விழும். இடப்பக்கம் பருத்த பெண். வலப்பக்கம் அதே பெண், மெலிந்து, பளிச்சென்று. கீழே ‘30 நாளில் 12 கிலோ’. பார்த்ததும் நாம் சந்தேகப்படுவது வலப்பக்கப் படத்தை. இடுப்பைச் சுருக்கியிருப்பார்களோ என்று உற்றுப் பார்ப்போம். அதில் யாரும் கை வைக்காமலே இருந்திருக்கலாம். வேலை நடந்தது இடப்பக்கத்தில்.

செய்முறை எளிது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஒரு பெண்ணின் உண்மையான படத்தை எங்கிருந்தோ எடுக்கிறார்கள். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அதை இரண்டு பிரதியாக்குகிறார்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது ‘பின்’. மற்றதில் வயிறு, மேல்கை, தாடை மூன்றையும் வெளியே தள்ளி, வெளிச்சத்தைக் குறைத்து, தோலில் லேசாக மஞ்சள் ஏற்றி, கண்ணுக்குக் கீழே கருவளையம் வைத்தால், அது ‘முன்’. முன்பெல்லாம் இதற்குக் கைத்திறன் வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒரு வரி சொன்னால் போதும்.

ஏன் மெலிய வைக்காமல் பருக்க வைக்கிறார்கள்? உடலைச் சுருக்கினால் அதன் பின்னால் மறைந்திருந்த சுவரும் கதவும் வெளியே வரும். இல்லாத சுவரைப் புதிதாக வரைய வேண்டும். உடலைப் பெருக்கினால் இருக்கும் சுவரை மறைத்தால் போதும், தடயம் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. வாங்கப் போகிறவர் தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது இடப்பக்கத்தோடுதான். “என்னை மாதிரியே இருந்தவர் இப்படி ஆகிவிட்டாரே” என்று நினைக்க வைப்பதே அந்தப் படத்தின் வேலை. ஆள் நிஜம், அறை நிஜம், சிரிப்பு நிஜம் என்பதால் மனம் அந்த எடையையும் நிஜமென்று எடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க வயிற்றைப் பார்க்காதீர்கள். வயிற்றுக்குத் தொலைவில் இருப்பதைப் பாருங்கள். ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில், நெற்றியில் விழுந்த முடிக்கற்றை ஒரே வளைவில் இருக்காது. துப்பட்டா நுனியின் மடிப்பும், தோடு தொங்கும் கோணமும், சுவரில் விழுந்த நிழலும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் அது ஒரே நொடியில் எடுத்த ஒரே படம். சிலர் அது தெரியாமலிருக்க ஒன்றை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது மூக்குத்தி பக்கம் மாறும், முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். ஆனால் கைப்பேசியின் முன் கேமராவும் சில சமயம் படத்தைத் திருப்பிப் பதியும்; ஆகவே மூக்குத்தியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முடியையும் மடிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

உடையையும் அறையையும்கூட மாற்றிவிட்டால்? புலனத்தில் பலமுறை பகிரப்பட்டு மங்கிய படமென்றால்? அங்கே கண் உதவாது, கணக்குதான் உதவும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. 12 கிலோவுக்கு 92,400. 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 3,080. கடின உடலுழைப்பு இல்லாத பெண் ஒருவர் ஒரு நாளில் மொத்தமாகச் செலவிடுவதே ஏறத்தாழ 2,000 கலோரிதான். மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது. முதல் சில நாளில் தராசு வேகமாக இறங்குமே என்பீர்கள். அதில் பெரும்பங்கு நீர். சாப்பாடு பழையபடி ஆனதும் திரும்பி வந்துவிடும்.

முகப்பூச்சு விளம்பரத்திலும் இதே வித்தைதான், ஆபத்து மட்டும் கூடுதல். ஒரு வாரத்தில் நிஜமாகவே வெளுத்தால், டப்பாவுக்குள் பாதரசம் இருக்கிறதோ என்று பயப்பட வேண்டும். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு NPRA எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் NOT என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். எண் இருப்பதனால் படத்தில் உள்ள பலன் கிடைக்கும் என்று பொருளில்லை. அந்தப் பலனைச் சோதித்து யாரும் முத்திரை குத்தித் தருவதில்லை.

ஏமாந்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? படம் உண்மை என்று நம்பியவருக்குப் பலன் கிடைக்காதபோது, தவறு தம்முடையது என்றே தோன்றும். “நான்தான் இரவில் சோறு சாப்பிட்டுவிட்டேன்” என்று இரண்டாவது பொட்டலம் வாங்குவார். விற்பனையாளருக்கு வேண்டியதும் அதுதான்.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளுக்கு இல்லாத பலனை இருப்பதாகக் காட்டுவதைத் தடுக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் விற்பனையாளரிடம் சண்டைக்குப் போகுமுன் விளம்பரத்தை, அதை வெளியிட்ட கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி, திரைப்பிடிப்பு எடுத்துப் பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் கேள்வி கேட்ட அன்றே அந்த இரண்டு படங்களும் காணாமல் போய்விடும்.