புதிய கூட்டாளி வரும் நாளில் இரண்டு விகிதங்கள்

வணக்கம் நேயர்களே. கூட்டாண்மை நிறுவனத்தில் புதிதாக ஒருவர் கூட்டாளியாகச் சேரும் நாளில் ஏடுகளில் என்ன எழுதவேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். கையருகே ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன், அதை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கூட்டாளிகள். காதால் கேட்டே பின்தொடர வசதியாக அவர்களை மூத்தவர், இளையவர் என்று சொல்கிறேன். லாபத்தை 3-க்கு 2 என்று பகிர்கிறார்கள். புதியவர் ஒருவர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்கிறார். மூவரும் பேசி, இனி 5-க்கு 3-க்கு 2 என்று முடிவு செய்கிறார்கள்.

இப்போது தாளில் பத்துப் பங்காக வைத்துப் பாருங்கள். மூத்தவருக்கு இதுவரை 6, இனி 5. இளையவருக்கு இதுவரை 4, இனி 3. ஆக இருவரும் ஆளுக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்த விகிதம் 1-க்கு 1. இதைத்தான் தியாக விகிதம் என்கிறோம். பழைய விகிதம் 3-க்கு 2, தியாக விகிதம் 1-க்கு 1. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலில் சொத்துகளின் மறுமதிப்பீடு. ஏட்டில் இருக்கும் கட்டடத்தின் மதிப்பு என்றோ எழுதப்பட்டது. இன்றைய மதிப்பு அதைவிட 60,000 கூடுதல். மறுபக்கம், சரக்கிருப்பில் 10,000 குறைக்கவேண்டும். வாராக்கடனுக்கு 8,000 ஒதுக்கவேண்டும். கட்டாமல் விட்ட மின்கட்டணம் 2,000 ஏட்டிலேயே இல்லை.

பதிவுகள் இப்படி வரும். கட்டடக் கணக்கு பற்று 60,000, மறுமதிப்பீட்டுக் கணக்கு வரவு 60,000. அடுத்து, மறுமதிப்பீட்டுக் கணக்கு பற்று 20,000. அதற்கு எதிரே சரக்கிருப்பு வரவு 10,000, வாராக்கடன் ஒதுக்கு வரவு 8,000, கொடுபடவேண்டிய மின்கட்டணம் வரவு 2,000. மிச்சம் 40,000 லாபம். இதைப் பழைய விகிதத்தில் பிரிக்கிறோம்: மறுமதிப்பீட்டுக் கணக்கு பற்று 40,000, மூத்தவர் முதல் கணக்கு வரவு 24,000, இளையவர் முதல் கணக்கு வரவு 16,000.

ஏன் பழைய விகிதம்? அந்தக் கட்டடத்தின் மதிப்பு ஏறியது இருவர் மட்டும் இருந்த காலத்தில். அன்று அவர்கள் 3-க்கு 2 என்றுதான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பகிராமல் கிடக்கும் பொதுக் காப்பு ஏதாவது இருந்தால் அதற்கும் இதே நியாயம்தான்.

மறுமதிப்பீடே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்பதுண்டு. அடுத்த வருடம் கட்டடத்தை விற்கிறார்கள் என்று வையுங்கள். அந்த 60,000 புதிய விகிதத்தில் பிரியும். புதியவருக்குத் தாம் இல்லாத காலத்து லாபத்தில் 12,000 போய்ச் சேரும். மூத்தவர் 36,000 பெறவேண்டிய இடத்தில் 30,000 பெறுவார், இளையவர் 24,000 பெறவேண்டிய இடத்தில் 18,000 பெறுவார். ஆளுக்கு 6,000 இழப்பு. விட்டுக்கொடுத்த அதே 1-க்கு 1 விகிதத்தில் இழப்பு விழுவதைக் கவனியுங்கள். வாராக்கடன் விஷயத்தில் இது தலைகீழாகி, புதியவர் தமக்குச் சம்பந்தமில்லாத கடனில் 1,600 சுமப்பார்.

சரி, அப்புறம் நற்பெயர், அதாவது சாதாரணத்தைவிடக் கூடுதலாக லாபம் ஈட்டும் திறனுக்கு நிறுவனத்துக்குக் கிடைக்கும் மதிப்பு. மறுமதிப்பீட்டுக்கு முன் மூத்தவர் முதல் 4,56,000, இளையவர் முதல் 3,04,000 இருந்தன. மறுமதிப்பீட்டு லாபத்தில் அவரவர் பங்கைச் சேர்த்த பிறகு 4,80,000-மும் 3,20,000-மும் ஆகின்றன. மொத்தம் 8,00,000. மறுமதிப்பீட்டை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தொழிலில் பயன்படுத்தப்பட்ட முதல் எவ்வளவு என்பது சரியாகத் தெரிந்தால்தான் சாதாரண லாபத்துக்கு மேல் மிஞ்சும் உயர் லாபத்தைக் கணக்கிட முடியும்.

கடந்த மூன்று வருட லாபம் 1,00,000, 1,50,000, 1,10,000. நடுவில் உள்ள 1,50,000-த்தைப் பார்த்தவுடன் ஒரு கேள்வி எழவேண்டும். அந்த வருடம் என்ன நடந்தது? ஏட்டைப் புரட்டினால், காலி நிலம் ஒன்றை விற்றதில் 30,000 வந்திருக்கிறது. அது திரும்ப வராது. அதைக் கழித்தால் சராசரி 1,10,000. இதே தொழிலில் முதலீட்டுக்கு 10 விழுக்காடு கிடைப்பது சாதாரணம் என்றால், 8,00,000-க்குச் சாதாரண லாபம் 80,000. மிஞ்சும் 30,000 உயர் லாபம். மூன்று வருடக் கொள்முதல், அதாவது உயர் லாபத்தைப் போல மூன்று மடங்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நற்பெயர் 90,000. புதியவரின் பங்கு 18,000.

அந்த 30,000-த்தைக் கழிக்க மறந்திருந்தால் நற்பெயர் 1,20,000 ஆகி, புதியவர் 24,000 கொடுத்திருப்பார். மறதிக்கு விலை 6,000. மூன்று வருடமா, இரண்டா என்பது பேசி முடிக்கிற விஷயம், அதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் எந்த லாபம் மறுபடி வரும், எது வராது என்பது ஏட்டைப் படித்தால் தெரிந்துவிடும். அதில் பேரம் பேச இடமில்லை.

புதியவர் முதலாக 2,00,000-மும் நற்பெயருக்காக 18,000-மும் ரொக்கமாகக் கொண்டுவருகிறார். பதிவு: ரொக்கக் கணக்கு பற்று 2,18,000, புதியவர் முதல் வரவு 2,00,000, மூத்தவர் முதல் வரவு 9,000, இளையவர் முதல் வரவு 9,000.

ஒரு மாணவியின் விடைத்தாளில் இந்த இடத்தில் 9,000, 9,000 என்று சரியாக எழுதி, பிறகு அடித்துவிட்டு, 10,800, 7,200 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மறுமதிப்பீட்டை 3-க்கு 2 என்று பிரித்துவிட்டு வந்த கை, இங்கேயும் அதையே தேடியிருக்கிறது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, முதலில் எழுதியதுதான் சரி. மறுமதிப்பீட்டு லாபம் நடந்து முடிந்த காலத்துக்கு உரியது. நற்பெயர்த் தொகையோ இனி வரப்போகும் லாபத்தில் ஒருவர் இழக்கும் பங்குக்கான ஈடு. எவ்வளவு இழக்கிறாரோ அவ்வளவுதான் ஈடு.

புதியவரிடம் அந்த 18,000 கையில் இல்லையா? அவருடைய நடப்புக் கணக்கில் 18,000 பற்று எழுதி, மற்ற இருவருக்கும் 9,000 வீதம் வரவு வைக்கவேண்டும். 90,000 முழுவதையும் சொத்தாக ஏட்டில் ஏற்றிவிடக் கூடாது. தானாக உருவான நற்பெயரைச் சொத்தாகக் காட்டுவதைக் கணக்கீட்டுத் தரநிலைகள் ஏற்பதில்லை. பழைய நற்பெயர் ஏற்கெனவே ஏட்டில் இருந்தால், அதைப் பழைய விகிதத்தில் பழைய கூட்டாளிகளின் முதல் கணக்குகளில் பற்று வைத்துப் போக்கெழுதிவிடவேண்டும்.

இன்னொரு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், இது தேர்வில் அபூர்வமாக வரும், நிறுவனங்களில் வரத்தான் செய்கிறது. புதிய விகிதம் 5-க்கு 3-க்கு 2 இல்லாமல் 7-க்கு 1-க்கு 2 என்று முடிவானதாக வையுங்கள். மூத்தவர் 6 பங்கிலிருந்து 7-க்கு ஏறுகிறார். இளையவர் 4-லிருந்து 1-க்கு இறங்குகிறார். விட்டுக்கொடுத்தவர் இளையவர் ஒருவரே, அதுவும் மூன்று பங்கு. அப்படியானால் 90,000-த்தில் பத்தில் மூன்று, அதாவது 27,000 அவருக்குச் சேரவேண்டும். புதியவர் கொண்டுவரும் 18,000 முழுவதும் அவருக்கே வரவு. மீதி 9,000 மூத்தவரிடமிருந்து வரவேண்டும், ஏனென்றால் அவரும் ஒரு பங்கு வாங்கியிருக்கிறார்: மூத்தவர் முதல் கணக்கு பற்று 9,000, இளையவர் முதல் கணக்கு வரவு 9,000. பழைய கூட்டாளி என்பதால் இந்தப் பற்றை எழுதாமல் விட்டுவிட்டால், இளையவர் விட்டுக்கொடுத்த மூன்று பங்கில் ஒன்றுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்றாகிவிடும்.