ஏடு பார்த்து ஓதுபவன்

(பட்டிமன்றம்: மறையைப் பிழையின்றிக் காத்தது ஏடா, வாயா? ‘வாயே’ அணியில் இரண்டாவது பேச்சு)

நடுவர்: “எழுதி வைத்ததிலேயே ஆயிரம் பிழை. வெறும் வாயில் வந்ததை எப்படி ஐயா நம்புவது?”

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி அம்மா தன் கதையைச் சொன்னார். பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளின் மூன்றாம் அடி மறந்துபோக, தானே ஓர் அடி கட்டி எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாராம். எல்லாரும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அம்மா, பொருள் தெரிந்ததால்தானே அந்த அடியை உங்களால் கட்ட முடிந்தது? மனப்பாடம் பிசகுகிற வாசலே அதுதான். வேதம் ஓதியவர்கள் முதலில் அடைத்ததும் அந்த வாசலைத்தான்.

ரிக் வேதத்தின் முதல் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: அக்னிம், ஈளே, புரோஹிதம். இவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைத்துக்கொள்ளுங்கள். கன பாடம் என்ற ஓதும் முறையில் இப்படிப் போகும்: ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று. அது முடிந்ததும் ‘ஈளே’யை முதலாக வைத்து அடுத்த மூன்று சொற்கள். வரியின் நடுவில் வரும் எந்தச் சொல்லும் முதலில் நின்று 5 முறை, நடுவில் நின்று 5 முறை, கடைசியில் நின்று 3 முறை, ஆக 13 முறை வாயில் வந்து போகிறது. அதுவும் தலைகீழாகச் சொல்லும்போது பொருளே கிடையாது. ஊகித்து நிரப்ப வழியில்லை.

இன்னொரு நுட்பம். நேராகச் சொன்னால் ‘அக்னிமீளே’ என்று ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். திருப்பினால் ‘ஈளேக்னிம்’, அகரம் விழுந்து, சொல்லின் மறு ஓரம் வெளியே தெரிகிறது. ஒரு பையன் நெடிலைக் குறிலாக்கினால் 13 இடத்திலும் அதே பிழையைச் செய்தாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சும்மா விடுவானா?

எழுத்தை விடுங்கள், சுரத்துக்கு வருகிறேன். கேரளத்து நம்பூதிரிகளிடம் ஆசிரியர் சிறுவனின் தலையைக் கையால் பிடித்து ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அசைத்தே சொல்லிக்கொடுப்பார். எதற்கு இத்தனை பாடு? ‘இந்த்ரசத்ரு’ என்ற சொல்லில் குரல் கடைசியில் ஏறினால் ‘இந்திரனைக் கொல்பவன்’. முதலில் ஏறினால் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று த்வஷ்டா வேள்வி செய்தான், ஆனால் இந்தச் சொல்லில் சுரத்தைத் தவறவிட்டான். பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் செத்தான். கதைதான். ஆனால் வெறும் எழுத்தை மட்டும் எழுதிய ஏட்டில் இந்த இரண்டு சொல்லும் ஒன்றுதான்.

எதிரணித் தலைவர் குறுந்தொகையில் வேதத்தைக் குறிக்க வரும் ‘எழுதாக் கற்பு’ என்பதை எடுத்துக்காட்டி, “எழுத்து தெரியாத காலத்துப் படிப்பு” என்றார். ஐயா, அந்தப் பாட்டு உருவான காலத்தில் தமிழ்நாட்டுப் பாறைகளிலும் பானை ஓடுகளிலும் எழுத்து இருந்தது. பாணினீய சிட்சை என்ற ஒலிப்பு நூல் மட்டமான ஓதுவோர் ஆறு பேரைப் பட்டியலிடுகிறது. இராகம் போட்டு இழுப்பவன், அவசரக்காரன், தலையை ஆட்டுபவன், இவர்களோடு ஏடு பார்த்து ஓதுபவனும் அதில் இருக்கிறான். தெரிந்தே ஒதுக்கினார்கள், ஐயா. (அதே பட்டியலில் பொருள் தெரியாமல் ஓதுபவனும் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா விடமாட்டார்.)

ஏடு மட்டும் என்ன? ஓலை கிழியும் என்று மெய்க்கும் குறில் எகரத்துக்கும் வைக்க வேண்டிய புள்ளியை வைக்கமாட்டார்கள். ‘ஏரி’யா ‘எரி’யா என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். தில்லையில் தேவார ஏடுகளைக் கறையான் தின்ற கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஆனால் மிச்சம் கிடைத்ததும் அந்த ஏட்டில்தானே என்று தலைவர் கேட்டார். அது நியாயம். குரல் தொடர் அறுந்தால் எல்லாம் போய்விடும். பதஞ்சலி ரிக் வேதத்துக்கு 21 கிளைகள் இருந்ததாகச் சொன்னார். இன்று ஓதப்படுவது பெரும்பாலும் சாகல சாகை என்ற கிளை ஒன்றுதான். அதர்வ வேதத்தின் பைப்பலாத சாகையை மீட்டுத் தந்தவை காஷ்மீரத்து மரப்பட்டைச் சுவடியும் ஒடிசாவின் ஓலைகளும். ஆனால் அந்தக் காஷ்மீரச் சுவடியைத் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் பிழை. அறிஞர்கள் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வாயில் வந்ததிலும் பழுது உண்டு. ரிக் வேதத்தில் ‘பாவக’ என்று ஓதுகிற இடங்களில் ‘பவாக’ என்று வைத்தால்தான் யாப்பு சரியாக வருகிறது. தொகுத்த காலத்திலேயே மாறியிருக்க வேண்டும். அதன் பிறகு யாப்பு இடிக்கிறதே என்று யாரும் கை வைக்கவில்லை. தவறும் தவறாமல் வந்து சேர்ந்தது.

கடைசியாக அம்மா ஒன்று கேட்டார்: “வேதம் சொல்லிக்கொடுத்த அந்தத் திண்ணையில் யாரை உட்கார விட்டீர்கள்?” பெண்களை விடவில்லை, மற்றச் சாதியாரை விடவில்லை. ஏட்டையாவது எவரும் திருடிப் படித்திருக்கலாம். இதற்கு என் அணியில் யாரிடமும் பதில் இல்லை, நடுவர் அவர்களே.