பட்டிமன்றப் பதிவில் அரங்கத்தின் குரலைத் தேடுவது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். விழாக்களைப் பதிவுசெய்து தொகுக்கும் நண்பர்கள் பலர் வந்திருப்பதால், நாம் அனைவரும் அறிந்த பட்டிமன்றத்தையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரப் பதிவிலிருந்து பத்து நிமிடச் சிறப்புத் தொகுப்பு கேட்பார்கள். அவை சிரித்த இடங்களையும் கைதட்டிய இடங்களையும் ஒலியைக் கொண்டே கணினியால் தேடித் தர முடியும். ஆனால் சத்தம் கூடும் இடமெல்லாம் உச்சம் என்று தொடங்கினால், பேச்சாளர் மைக்கை நெருங்கி உரக்கப் பேசிய இடங்களே வரிசையாக வந்து நிற்கும்.

வேலை பதிவின்போதே தொடங்கிவிடுகிறது. மிக்சரிலிருந்து நேராக எடுத்த ஒலியில் பேச்சு தெளிவாக இருக்கும். அவையின் சிரிப்போ எங்கோ தொலைவில் கேட்பதுபோல் மெலிந்திருக்கும், ஏனெனில் மேடை மைக்குகள் பேசுபவரின் வாயருகே இருக்கின்றன. ஆகவே அவையை நோக்கி ஒரு மைக்கைத் தனியாக நிறுத்தி, மிக்சர் ஒலியை இடது சேனலிலும் அரங்க ஒலியை வலது சேனலிலும் பதிய வேண்டும். ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை இரண்டிலும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பெருஞ்சிரிப்பும் முணுமுணுப்பும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். பின்பு ஆய்வுக்காக ஒலியைப் பிரிக்கும்போது இரு சேனல்களையும் கலந்துவிடாமல், வலது சேனலை மட்டும் இவ்வாறு எடுக்கலாம்:

```
ffmpeg -i vizha.mp4 -vn -af "pan=mono|c0=c1" -ar 16000 arangam.wav
```

c1 என்பதை c0 என்று மாற்றி, வேறு கோப்புப் பெயர் கொடுத்தால் மேடை ஒலி கிடைக்கும். அரங்க மைக்கிலும் ஒலிபெருக்கி வழியாகப் பேச்சு நுழைந்தே தீரும் என்பதால், அதன் அளவை மட்டும் பார்ப்பது போதாது. அரை நொடிக்கு ஒருமுறை இரண்டின் ஒலியளவையும் டெசிபலில் கணக்கிட்டு, அரங்க அளவிலிருந்து மேடை அளவைக் கழியுங்கள். பேச்சாளர் உரக்கப் பேசினால் இரண்டும் சேர்ந்தே உயர்வதால் வேறுபாடு பெரிதாக மாறாது. அவை சிரிக்கும்போது அனுபவமுள்ள பேச்சாளர் நிறுத்திக் காத்திருப்பார். அப்போது மேடை தாழ, அரங்கம் உயர, வேறுபாடு செங்குத்தாக ஏறும். பேச்சாளர் வெறுமனே மூச்சுவிட நிறுத்தினாலும் வேறுபாடு ஏறும் என்பதால், அரங்க ஒலியும் தன் வழக்கமான அளவைத் தாண்டியிருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வழக்கமான அளவை முழு நிகழ்ச்சிக்கும் ஒன்றாக வைக்காமல், சுற்றியுள்ள ஐந்து நிமிடங்களின் இடைநிலை மதிப்பாகக் கொள்வது நல்லது. ஆறு மணிக்குப் பாதி நிரம்பிய அரங்கம் எட்டு மணிக்கு நிரம்பி வழியும்.

இனி, சிரிப்பையும் கைதட்டலையும் பிரிப்பது. சிரிப்பு மனிதக் குரலாகையால் அதன் ஆற்றல் சில அதிர்வெண்களில் திரண்டிருக்கும். நூறு பேர் சேர்ந்து கைதட்டினால் ஆற்றல் ஏறக்குறைய எல்லா அதிர்வெண்களிலும் பரவி, இரைச்சல்போல் தோன்றும். தகரக் கூரையில் பெய்யும் மழையும் இதே தோற்றத்தைத் தருவதால் கணினி ஏமாறும். கைதட்டல் சட்டென எழுந்து சில நொடிகளில் கரையும். மழை அப்படி அடங்காது. ஆகவே அரை நிமிடத்துக்கு மேல் ஒரே மட்டத்தில் நீடிக்கும் எதையும் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஓர் இடத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 41:24-இல் சிரிப்பு எழுகிறது, 41:29-இல் அதன்மேல் கைதட்டல் சேர்கிறது, 41:36-இல் அடங்குகிறது. சிரிப்பு கைதட்டலாக மாறும் இத்தகைய இடங்களுக்கே முதல் மதிப்பெண் தருவேன். பொன்னாடை போர்த்தும்போது எழும் கைதட்டல் இதைவிடப் பலமாகவும் இருக்கலாம்; ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பும் இல்லை, ஒரே குரலில் தொடர்ந்த பேச்சும் இல்லை, ஒரு பெயர் அறிவிப்பு மட்டுமே இருக்கும். அந்த வேறுபாட்டை விதியாக எழுதிவிட்டால் மரியாதைக் கைதட்டல்கள் பெரும்பாலும் கீழே போய்விடும்.

இசைக் கச்சேரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தனி ஆவர்த்தனத்தில் எழுச்சி மேடைச் சேனலிலேயே நிகழ்கிறது. அதுவும் நிமிடக் கணக்கில் மெல்ல ஏறுவதால் அரை நொடி அளவீட்டில் தெரியாது. மூன்று நொடிச் சராசரியை எடுத்து முந்தைய சில நிமிடங்களோடு ஒப்பிட வேண்டும். கோர்வை முடிந்து எழும் கைதட்டலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வது இன்னும் எளிது.

பின்னோக்கிச் செல்வதுதான் வெட்டுவதிலும் முக்கியம். கணினி காட்டுவது சிரிப்பு எழுந்த நொடியை. பார்ப்பவருக்கு வேண்டியதோ சிரிக்க வைத்த பேச்சு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 41:24-இலிருந்து வெட்டினால் காரணமில்லாத சிரிப்பு மட்டுமே மிஞ்சும். இருபது முதல் நாற்பது நொடி பின்னே சென்று, மேடைச் சேனலில் அரை நொடிக்கு மேல் அமைதி உள்ள இடத்தில், அதாவது ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டைத் தொடங்குங்கள். நீண்ட கதை சொல்லும் பேச்சாளருக்கு நாற்பது நொடியும் போதாது. அங்கே மனிதக் காது கேட்டுத்தான் தொடக்கத்தைக் குறிக்க வேண்டும். முடிவில் கைதட்டல் பாதியாகத் தணியும்வரை விட்டு, அதன்மேல் ஒரு நொடியில் ஒலியை மெல்லக் குறைத்தால், அடுத்த துண்டின் முதல் சொல் தெளிவாகக் கேட்கும்.