இரண்டாவது மேல்முறையீட்டில் சட்டப் பிழையை எழுதுவது எப்படி

நேயர்களுக்கு வணக்கம். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கு முடிந்து, சார்பு நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடும் முடிந்துவிட்டது என்றால், அடுத்த படி உயர் நீதிமன்றம்தான். ஆனால் அங்கே வாசல் குறுகல். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு 1976-இல் திருத்தப்பட்டபின், கணிசமான சட்ட வினா ஒன்று எழுந்தால் மட்டுமே இரண்டாவது மேல்முறையீடு நிற்கும். அந்த வினாவை மனுவிலேயே துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்கிறது அதே பிரிவு.

ஒரு மாதிரி வழக்கைப் பார்ப்போம். தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டு மகள் வழக்குப் போடுகிறார். தந்தை தனக்கே உயில் எழுதிவிட்டார் என்கிறார் மகன். உயில் பதிவானது; சான்றொப்பமிட்டவர்கள் இருவர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் அதே ஊரில்தான் இருக்கிறார் என்று மகனே குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை; உயிலை எழுதிய ஆவண எழுத்தரை மட்டும் விசாரித்தார்கள். முன்சீப் உயிலை ஏற்கவில்லை. சார்பு நீதிமன்றமோ, 'பதிவான உயில், எழுத்தர் சாட்சியம் நம்பும்படி இருக்கிறது' என்று தீர்ப்பை மாற்றிவிட்டது.

மகளின் மனுவில் வழக்கமாக வரும் வரிகள் இவை: 'ஆவண எழுத்தரின் சாட்சியத்தை நம்பியது தவறு. உயில் உண்மையானது என்ற முடிவு சாட்சியத்தின் எடைக்கு விரோதமானது.' இரண்டுமே பொருண்மை பற்றிய மனக்குறை. யாரை நம்புவது என்பதைச் சார்பு நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. உயர் நீதிமன்றம் அதை மறுபடி நிறுத்துப் பார்க்காது.

இங்கே நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எதிர்த்தரப்பு சாட்சி சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தீர்ப்பு தவறாக இருக்கிறதா? எழுத்தர் சத்தியமாகவே உண்மை சொல்லியிருக்கட்டும். சான்றொப்பமிட்டவர் உயிரோடும், சாட்சி சொல்லக்கூடிய நிலையிலும் இருக்கும்போது, குறைந்தது ஒருவரையாவது விசாரிக்காமல் உயிலைச் சான்றாகப் பயன்படுத்தக்கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 67. பதிவான மற்ற ஆவணங்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு, உயிலுக்குக் கிடையாது. சார்பு நீதிமன்றம் தவறியது இங்கேதான்.

ஆகவே வினாவை இப்படி எழுதலாம்: 'சான்றொப்பமிட்டவருள் ஒருவர் உயிரோடு இருப்பதை முதல் பிரதிவாதியே ஒத்துக்கொண்டுள்ள நிலையில், அவரை விசாரிக்காமல், பதிவையும் ஆவண எழுத்தரின் சாட்சியத்தையும் மட்டும் கொண்டு உயில் நிரூபிக்கப்பட்டதாக முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது, சாட்சியச் சட்டம் 68-ஆம் பிரிவுக்கு முரணானதா?' இதில் ஒத்துக்கொள்ளப்பட்ட பொருண்மை இருக்கிறது, நீதிமன்றம் செய்தது இருக்கிறது, மீறப்பட்ட சட்டமும் இருக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் வழக்கே திரும்பிவிடும். கீழே காரணங்களில் குறுக்கு விசாரணையின் பக்கத்தையும் தீர்ப்பின் பத்தி எண்ணையும் குறிப்பிட மறக்காதீர்கள். சான்றாளர்கள் யாருமே கிடைக்கவில்லை என்றால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்க 69-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் ஓடும். அதற்கு அந்த ஒப்புதல்தான் பதில்.

அதே சான்றாளரை விசாரித்து, நீதிமன்றம் அவரை நம்பியிருந்தால்? அந்த வினா போய்விட்டது. 'அவர் பொய் சொன்னார்' என்பதை எந்தச் சட்டச் சொல்லால் போர்த்தினாலும் அது பொருண்மைதான். ஆனால் நிரூபணச் சுமையை நீதிமன்றம் யார் தலையில் வைத்தது என்று பாருங்கள். 'உயில் போலி என்று வாதி நிரூபிக்கவில்லை' என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால், அது தனி வினா. உயிலை முன்வைப்பவரே அதை நிரூபிக்க வேண்டும், சந்தேகங்களையும் அவரே தீர்க்க வேண்டும் என்பது 1958-இலேயே உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது.

சாட்சியம் சம்பந்தமான குறையை எழுதியே ஆக வேண்டும் என்றாலும் வழி உண்டு. முக்கியமான ஆவணம் ஒன்றை நீதிமன்றம் கண்டுகொள்ளவே இல்லை என்றாலோ, ஒரு முடிவுக்கு எந்தச் சாட்சியமுமே இல்லை என்றாலோ அது சட்டப் பிழை. ஆவணத்தைப் பார்த்துவிட்டு, 'இதற்கு இவ்வளவுதான் மதிப்பு' என்று சொல்லியிருந்தால் பிழை இல்லை. வித்தியாசம் தீர்ப்பின் வாசகத்தில்தான் இருக்கிறது. சாட்சியத்துக்கே ஒவ்வாத முடிவு என்று பொருள்படும் 'பெர்வர்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லை மனுவில் பத்து இடத்தில் தெளிப்பவர்கள் எந்த முடிவு, எந்த ஆவணம் விடுபட்டது என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடியாகும் மனுக்களில் இந்த ரகம் நிறைய.

வினாக்கள் இரண்டோ மூன்றோ போதும். ஒவ்வொன்றுக்கும் பிராதிலோ எதிருரையிலோ அடித்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே யாரும் எழுப்பாத சங்கதியை மேலே புதிதாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் எடுபடாது. மனு தாக்கல் செய்யக் கெடு, தீர்ப்பாணை நாளிலிருந்து 90 நாள். சான்றிட்ட நகல் பெறுவதற்கு ஆகும் காலத்தை அதில் கழித்துக்கொள்ளலாம். அதனால் தீர்ப்பு வந்த உடனே நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.