இலை அசைஞ்சா அங்க யாரோ இருக்காங்களா? 'ஹாட்' கருதுகோளும் அதுக்கு வந்த எதிர்ப்பும்

எல்லாருக்கும் வணக்கம். மதத்தைப் பத்தின அறிவாற்றல் அறிவியல்ல செமினார் கொடுக்கப் போறவங்களுக்காக இந்த வீடியோ. இந்தத் துறை ரொம்பப் பெருசு, அதனால ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன். கண்ணுக்குத் தெரியாத யாரோ இருக்காங்கன்னு நம்ம மனசு ஏன் இவ்வளவு சுலபமா நினைக்குது? இதுக்குச் சொல்ற பதில்கள்லயே ரொம்பப் பிரபலமானது 'ஹாட்' கருதுகோள். நிறைய செமினார்கள்ல இதை நிரூபிச்ச உண்மை மாதிரி சொல்லிட்டுப் போயிடறாங்க. அது எந்த இடத்துல நிக்குது, எந்த இடத்துல சரியுதுன்னு பாக்கலாம்.

முதல்ல அடிப்படைக் கவனிப்பு. 1944-ல ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல்னு ரெண்டு பேர் ஒரு சின்னப் படம் எடுத்தாங்க. ரெண்டு முக்கோணம், ஒரு வட்டம், பக்கத்துல திறந்து மூடுற ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதை 34 பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன பாத்தீங்கன்னு கேட்டாங்க. ஒரே ஒருத்தர்தான் வடிவங்கள் நகர்ந்துச்சுன்னு சொன்னார். மத்த எல்லாரும் பெரிய முக்கோணம் துரத்துது, வட்டம் பயந்து ஒளியுதுங்கிற மாதிரி, உயிருள்ளவங்க கதையாவே சொன்னாங்க. நோக்கத்தோட செயல்படுற ஒண்ணு இருக்குன்னு முடிவு பண்ண நமக்கு முகம் வேண்டாம், உடம்பு வேண்டாம், அசைவே போதும். இந்த முடிவு இன்னைக்கும் உறுதியாத்தான் நிக்குது. சண்டை வர்றது அடுத்த படியில.

மானுடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரி 1980-ல ஒரு கட்டுரையில அந்த அடுத்த படிக்கு அடி போட்டார். பாறையைக் கரடின்னு நினைச்சா நஷ்டம் கொஞ்சம், கரடியைப் பாறைன்னு நினைச்சா உயிரே போகும், அதனால சந்தேகம் வந்தா 'யாரோ இருக்காங்க' பக்கமே மனசு சாயும்ங்கிறது அவரோட வாதம். 2000-ல உளவியலாளர் ஜஸ்டின் பேரட் இந்தச் சாய்வுக்கு ஒரு பேர் வெச்சார். ஆள் இருக்கிறதைக் கண்டுபிடிக்கிற, அளவுக்கு மீறித் துடிப்பா வேலை செய்யிற ஒரு மனக்கருவி. அந்த ஆங்கிலப் பேரோட முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் 'ஹாட்'னு சொல்றோம். அந்தக் கருவி அடிக்கடி பொய்யா மணி அடிக்குது, அதுலருந்து பேய், தெய்வம்ங்கிற எண்ணங்களுக்கு இடம் கிடைக்குதுன்னு கதை போகுது.

இதை வாய்ல சொல்லிட்டு விடாதீங்க, போர்டுல கணக்கா போடுங்க. பலவீனம் அங்கதான் வெளிய தெரியும். வீணா ஓடினா செலவு 1 அலகுன்னு வைங்க. உண்மையான ஆபத்தைக் கண்டுக்காம விட்டா செலவு 100. அங்க மிருகம் இருக்கிற வாய்ப்பு p. நின்னா எதிர்பார்க்கிற நஷ்டம் 100 பெருக்கல் p. ஓடினா வீணாகுற நஷ்டம் 1 பெருக்கல் (1−p). ரெண்டும் சமமாகுற இடம் p = 1/101, அதாவது 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. அப்போ வாய்ப்பு 1 சதவீதம் இருந்தாலே ஓடுறதுதான் புத்திசாலித்தனம். அந்த எல்லையில 101 தடவை ஓடினா 100 தடவை அங்க ஒண்ணுமே இருக்காது.

இப்போ கவனிங்க. இந்தக் கணக்கு எதைச் சொல்லுது? ஓடுன்னு சொல்லுது. அங்க மிருகம் இருக்குன்னு நம்புன்னு எங்கயும் சொல்லல. 'வாய்ப்பு 1 சதவீதம்தான், இருந்தாலும் ஓடிடலாம்'னு நினைக்கிற மனசுக்கும் இதே லாபம் கிடைக்குது. நடத்தையில இருக்கிற சாய்வை நம்பிக்கையில இருக்கிற சாய்வா மாத்த தனியா ஒரு வாதம் வேணும். ஹாட் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் அந்த வாதத்தைக் கொடுக்காமலே தாண்டிடறாங்க. என்னைக் கேட்டா, இந்தக் கருதுகோள் மேல வைக்கிற கோட்பாட்டு விமர்சனங்கள்ல இதுதான் ரொம்ப ஆழமானது.

இதோட ஒட்டின இன்னொரு ஓட்டையும் இருக்கு. பொய் மணி அடிச்சதும் மனுஷன் திரும்பிப் பாக்குறான். காத்து அடிச்சிருக்கு, அணில் ஓடியிருக்கு, விஷயம் முடிஞ்சுது. வாசல்ல சத்தம் கேட்டு எட்டிப் பாத்தவங்க, யாரும் இல்லேன்னா உடனே ஒரு தெய்வத்தை உண்டாக்கிடறதில்ல. கணநேரச் சந்தேகம் வருஷக்கணக்கா நிக்கிற நம்பிக்கையா எப்படி ஆகுது? பேரட்டும் இதை உணர்ந்துதான், அந்த அனுபவம் ஏற்கனவே ஊர்ல புழங்குற தெய்வக் கதைகளோட பொருந்தினாத்தான் நிலைக்கும்னு சொல்றார். ஆனா அப்படிச் சொன்னவுடனே, நம்பிக்கையை விளக்குற பாரத்துல பாதி அந்தக் கதைகள் மேல போயிடுது.

சரி, இதை அளக்குறது எப்படி? சிக்னல் டிடெக்ஷன் முறை. திரையில புள்ளிகள் நகருது. சில தடவை அந்தப் புள்ளிகள் ஒரு மனுஷன் நடக்குற மாதிரி சேரும், சில தடவை வெறுமனே கலைஞ்சு கிடக்கும். 'ஆள் இருக்கு' இல்ல 'ஆள் இல்ல'ன்னு பதில் சொல்லணும். ஆள் இருக்கிற தடவைகள்ல 'இருக்கு'ன்னு சொன்ன விகிதம் H. ஆள் இல்லாத தடவைகள்ல 'இருக்கு'ன்னு சொன்ன விகிதம் F. இதுலருந்து ரெண்டு எண் எடுக்கறோம், இதுல z-ங்கிறது ஒரு விகிதத்தை நார்மல் வளைவுல அதுக்குரிய இடமா மாத்துற கணக்கு:

```
d' = z(H) - z(F)
c  = -(z(H) + z(F)) / 2
```

d' கண்ணோட கூர்மை. c சாய்வு, அது மைனஸ்ல போனா 'இருக்கு'ன்னு சொல்ற பக்கம் சாயறாங்கன்னு அர்த்தம். ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். ஆள் இருக்கிறது 50, இல்லாதது 50. முதல் ஆள் 40 சரியாச் சொல்லி, 10 பொய்யாச் சொல்றார். H 0.8, F 0.2. d' 1.68, c பூஜ்யம். ரெண்டாவது ஆள் 45 சரி, 20 பொய். H 0.9, F 0.4. d' 1.53, c −0.5 கிட்ட. ரெண்டு பேர் கூர்மையும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது ஆள் நல்லாவே சாயறார். ஹாட் பேசுறது இந்த c-யைப் பத்தி. வெறும் பொய் மணி எண்ணிக்கையை மட்டும் காட்டுற ஆய்வைப் பாத்தா உஷாராகுங்க. கண் மங்கலா இருந்தாலும் அந்த எண்ணிக்கை ஏறும், அதைச் சாய்வுன்னு எடுத்துக்கக் கூடாது. இன்னொண்ணு, ஒருத்தர் ஒரு பொய் மணி கூட அடிக்கலேன்னா F பூஜ்யம், z முடிவிலிக்குப் போயிடும். ஒவ்வொரு எண்ணிக்கையோடயும் 0.5, மொத்தத்தோட 1 கூட்டிட்டுக் கணக்குப் போடுறது வழக்கம்.

இந்த அளவுகோலைக் கையில வெச்சுக்கிட்டுப் பாத்தா என்ன கிடைச்சுது? 2013-ல மிகியெல் வான் எல்க் இதே மாதிரி புள்ளி நடைச் சோதனை பண்ணினார். அமானுஷ்ய விஷயங்களை நம்புறவங்க, சந்தேகப்படுறவங்களை விட அதிகமா ஆள் இல்லாத இடத்துல ஆளைப் பாத்தாங்க. இது ஹாட்டுக்குச் சாதகம்னு தோணும். ஆனா அமானுஷ்ய நம்பிக்கையும் மத நம்பிக்கையும் ஒண்ணு கிடையாது. அதே வருஷம் ஐயானா வில்லர்டும் ஆரா நொரென்சயனும் பெரிய அளவுல தரவு எடுத்து அலசினாங்க. உயிரில்லாத பொருள்ல மனுஷத் தன்மையைப் பாக்குற குணம் அமானுஷ்ய நம்பிக்கையோட ஒட்டி வந்துச்சு, கடவுள் நம்பிக்கையோட ஒட்டி வரல. கத்ரி சொன்னதுக்கு இது நேரடியான அடி.

அடுத்தது பயம். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்'னு நம்ம பழமொழி இருக்கே, ஹாட் கருதுகோளோட கணிப்பும் அச்சு அசல் அதேதான். ஆபத்து கூடினா c மைனஸ் பக்கம் இன்னும் போகணும். 2019-ல மைய், வான் ஸ்கீ, வான் எல்க் மூணு பேரும் ஆட்களைப் பயமுறுத்துற சூழல்ல வெச்சு இதைச் சோதிச்சாங்க. கணிப்புக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கல. இதே காலகட்டத்துல மார்க் ஆண்டர்சனும் கூட இருந்தவங்களும் கணினியில உருவாக்கின ஒரு காட்டுக்குள்ள ஆட்களை விட்டாங்க. காட்டுல யாராவது இருப்பாங்கன்னு முன்னாடியே எதிர்பார்ப்பு ஏத்திவிடப்பட்டவங்க, இல்லாதவங்களை அதிகமா 'பாத்தாங்க'.

இதை அந்தப் பழமொழியோட வெச்சுப் பாருங்க. அரண்டவன் ஏன் பேயைப் பாக்குறான், ஏன் வேற எதையும் பாக்கல? பேய்னு ஒண்ணு உண்டுன்னு அவனுக்கு ஏற்கனவே யாரோ சொல்லியிருக்காங்க. ஹாட்ல அம்புக்குறி பார்வையிலருந்து நம்பிக்கைக்குப் போகுது. இந்த முடிவுகளைப் பாத்தா அது திரும்பி, நம்பிக்கையிலருந்து எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்புலருந்து பார்வைன்னு போற மாதிரி தெரியுது. அதனாலதான் வான் எல்க் உட்பட இந்தத் துறையில இருக்கிற பலரே ஹாட்டை இப்போ கேள்வி கேக்குறாங்க. செமினார்ல இதை விட்டுடாதீங்க, இது வெளியில இருந்து வந்த எதிர்ப்பு இல்ல.

அப்போ எந்தத் தெய்வத்தை நம்பறோம்ங்கிறதை எது தீர்மானிக்குது? வில் ஜர்வேயும் ஜோசஃப் ஹென்ரிக்கும் 2010-ல ஒரு கேள்வி கேட்டாங்க, அதுக்கு 'ஜீயஸ் பிரச்சினை'ன்னு பேரு. பழைய கிரேக்கக் கடவுள் ஜீயஸுக்கு மனசு உண்டு, கோபம் உண்டு, கண்ணுக்குத் தெரியாம வந்து போவார். மனசுக்குப் பிடிச்ச அம்சம் அத்தனையும் இருக்கு. அந்தக் கதையை இன்னைக்குப் படிக்கிறவங்க கிட்டத்தட்ட யாரும் அவருக்குப் பலி கொடுக்கல, ஒரு காலத்துல கொடுத்தாங்க. கதை மாறல, மனசோட அமைப்பும் மாறல. மாறினது சுத்தி இருக்கிறவங்க நடத்தை. ஹென்ரிக் 2009-ல சொன்ன யோசனை இங்க உதவுது. வாயால சொல்றதை விட, நம்பிக்கை இல்லாதவங்க செய்யவே மாட்டாத, செலவு பிடிக்கிற செயலைப் பெரியவங்க செய்யறதைப் பாத்துத்தான் அடுத்த தலைமுறை நம்புது. விரதம், தீமிதி, அலகு குத்திக் காவடி எடுக்கிறது எல்லாம் இந்த வகை. ஜர்வேயும் கூட்டாளிகளும் 2021-ல வெளியிட்ட அமெரிக்க ஆய்வுல, ஒருத்தர் நம்பிக்கை இல்லாதவரா இருப்பாரான்னு கணிக்க ரொம்பவும் உதவினது, சின்ன வயசுல இந்த மாதிரி செயல்களைக் கம்மியா பாத்திருக்கிறதுதான். யோசிக்கிற பாணியோட பங்கு அதுக்கு ரொம்பக் கீழ.

கடைசியா, கேள்வி நேரத்துல கண்டிப்பா ஒருத்தர் எழுந்திருப்பார். 'அப்போ கடவுள் வெறும் மூளைக் கோளாறுதானே?' நிறைய பேர் இதுக்கு ஒரு வரியில பதில் சொல்வாங்க, ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சுங்கிறது அது உண்மையா பொய்யான்னு தீர்மானிக்காதுன்னு. பேரட்டே கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்தான். ஆனா அந்த ஒரு வரி போதாது. 101-க்கு 100 தடவை தப்பா அடிக்கிற மணியை மட்டும் ஆதாரமா வெச்சு ஒருத்தர் எதையாவது நம்பினா, அந்த ஆதாரம் பலவீனமானதுதான். எதிராளி சொல்றதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. அதுக்கப்புறம் இதுவரைக்கும் பாத்த ஆய்வுகளை எடுத்து வைங்க. மக்களோட நம்பிக்கை அந்த மணியிலருந்து வரல, அம்மா அப்பா கிட்ட, ஊர் கிட்ட பாத்துக் கத்துக்கிட்டதுலருந்து வருதுன்னா, மணி பழுதுன்னு காட்டுறது அந்த நம்பிக்கையைத் தொடவே இல்ல. ஹாட்டை வெச்சு மதத்தை முறியடிக்க நினைக்கிறவர் முதல்ல ஹாட்தான் காரணம்னு நிரூபிக்கணும், அந்த ஆதாரம்தான் அவர் கையில இல்ல. பெத்தவங்க கிட்ட கத்துக்கிட்டதை எவ்வளவு நம்பலாம்னு அவர் கேக்கலாம். நல்ல கேள்விதான், ஆனா அதுக்குப் பதில் தேட ஹாட் உதவாது.