ஓவன் ரெசிபியை ஏர் ஃப்ரையருக்கு மாற்றுவது: சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு?

[திரையில்: ஏர் ஃப்ரையர் கூடையில் ஒரு லெக் பீஸ். தோல் கருத்திருக்கிறது. கத்தியால் கீறினால் எலும்போரம் இன்னும் பச்சை.]

வணக்கம். மேலே கரி, உள்ளே பச்சை. ஓவனுக்கு எழுதின ரெசிபியை அதே சூட்டில், அதே நேரத்துக்கு ஏர் ஃப்ரையரில் போட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். தோல் கருகுவதைப் பார்த்துப் பாதியில் வெளியே எடுத்துவிடுவோம், உள்ளே வெந்திருக்காது.

சுருக்கமான கணக்கு இது: சூட்டில் 15 டிகிரி செல்சியஸ் குறைக்க வேண்டும், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இந்தக் கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே கவிழ்க்கும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் மீதி வீடியோ.

[திரையில்: ஏர் ஃப்ரையரின் உட்பக்கம், தலைகீழாகப் பிடித்தபடி. சுருள் கம்பியும் அதன் பின்னால் விசிறியும் தெரிகின்றன.]

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சூடாகும் கம்பி மேலே மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு விசிறி. அது சூடான காற்றைக் கீழே தள்ள, காற்று கூடையின் ஓட்டைகள் வழியாகச் சுற்றி மறுபடி மேலே வருகிறது. ஆடி மாதம் பணகுடிப் பக்கம் துணி காயப் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெயில் அதேதான், ஆனால் அந்தக் காற்றுக்கு வேட்டி எவ்வளவு சீக்கிரம் உலர்ந்துவிடும்! விசிறி இல்லாத ஓவனில் கறியைச் சுற்றிக் காற்று ஏறக்குறைய சும்மா நிற்கும். ஏர் ஃப்ரையரில் அது ஓடிக்கொண்டே இருப்பதால் அதே 200 டிகிரியும் வேகமாக உறைக்கிறது.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, ரெசிபி எந்த ஓவனுக்கு எழுதியது என்பதை. விசிறி உள்ள ஓவனுக்கு, அதாவது கன்வெக்‌ஷனுக்கு எழுதியிருந்தால் சூட்டை ஏற்கெனவே குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள். அதில் மறுபடி 15 கழிக்காதீர்கள், நேரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும். ஒன்றுமே சொல்லாமல் 'ஓவன்' என்று மட்டும் இருந்தால் விசிறி இல்லாதது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி, அமெரிக்க ரெசிபிகள். '25 டிகிரி குறையுங்கள்' என்று அவர்கள் சொல்வது ஃபாரன்ஹீட் கணக்கு. நம் பெட்டியில் அது 14, 15 டிகிரிதான்.

[திரையில்: தாளில் பேனாவால் எழுதிய கணக்கு.]

சரி, ஒரு ரெசிபியை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் மதினி அனுப்பியது. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு தடவிய முழு லெக் பீஸ் நான்கு. ஓவனில் 400 டிகிரி ஃபாரன்ஹீட், 45 நிமிடம். 400 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய 200 செல்சியஸ். அதில் 15 போனால் 185. நேரம் 45-இல் ஐந்தில் ஒரு பங்கு 9 நிமிடம். அது போனால் 36.

ஆனால் 36 நிமிடத்துக்கு வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். கம்பிக்கும் கறிக்கும் உள்ள இடைவெளி பெட்டிக்குப் பெட்டி மாறும். அதனால் 15-ஆம் நிமிடம் திருப்பிப் போடுங்கள், 28-ஆம் நிமிடம் முதல் சோதனை. 36 என்பது போகக்கூடிய தூரம், கட்டாயம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றில்லை.

மதினி இதைக் கேட்டதும், "ஏட்டி, நாலையும் ஒண்ணா அடுக்கிரலாம்லா?" என்றார். அடுக்கக்கூடாது, மதினி. 4 லிட்டர் கூடையில் ஒன்றை ஒன்று தொடாமல் இரண்டுதான் உட்காரும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நடுவில் காற்று போகாது. ஒட்டிய இடம் வெளுத்து, சொதசொதவென்று கிடக்கும். இரண்டு ஈடாகப் போடுங்கள். இரண்டாவது ஈட்டுக்குப் பெட்டி ஏற்கெனவே சூடாக இருக்கும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே பாருங்கள்.

தயிர் மசாலா கெட்டியாக ஒட்டவேண்டும். ஓவன் தட்டில் வழிந்தாலும் அங்கேயே கிடக்கும். இங்கே ஓட்டை வழியாகச் சொட்டி, அடித்தட்டில் கருகிப் புகையும். வழிகிற மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். தோலில் கொழுப்பு அதிகம் என்றால் அடித்தட்டில் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றலாம். உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கித் தடவுகிற ஆசை இருந்தால், கடைசி 5 நிமிடத்தில் தடவுங்கள். முதலிலேயே தடவினால் கறி வேகும் முன் இனிப்புக் கருகிக் கசந்துவிடும்.

[திரையில்: சமையல் தெர்மாமீட்டரின் ஊசி தொடைப் பகுதியில் இறங்குகிறது.]

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஏர் ஃப்ரையரில் மேல் நிறம் முன்னாலேயே வந்துவிடும். எலும்போரம் சிவப்பாக இருப்பதும் நம்பத்தகுந்த அடையாளம் இல்லை. இளம் பிராய்லர் கோழியில் நன்றாக வெந்த பிறகும் அந்தச் சிவப்பு தங்கும். தெர்மாமீட்டர் ஊசியைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் இறக்குங்கள். 74 டிகிரி வந்தால் சாப்பிடலாம். லெக் பீஸுக்கு நான் 80 வரை விடுவேன், சதை எலும்பிலிருந்து நன்றாக விடும். மேலே நிறம் வந்தாயிற்று, உள்ளே 60-தான் என்றால், 160-க்கு இறக்கிவிட்டுத் தொடருங்கள்.

நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சதை இளக நீண்ட நேரமும் ஈரமும் வேண்டும். இந்தக் காற்றில் அது காய்ந்து நாராகிவிடும். குழம்பில்தான் அதற்கு மரியாதை.

[திரையில்: 6 அங்குல வட்ட டின், பாதி அளவு கேக் மாவு.]

இப்போது கணக்கு கவிழும் இடம்: கேக். லெக் பீஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று போனதால்தான் நேரம் குறைந்தது. டின்னில் ஊற்றிய மாவுக்குக் காற்று மேல் முகத்தில்தான் நேராகப் படுகிறது. அடியும் நடுவும் டின் வழியாக மெல்லத்தான் சூடாகும். அதனால் இங்கே சூட்டை அதிகமாகக் குறைத்து, நேரத்தை அநேகமாக அப்படியே விடவேண்டும். ஓவனில் 180 டிகிரி, 40 நிமிடம் என்றால் இங்கே 160, 35 முதல் 40 நிமிடம். டின்னில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள், எழும்பிக் கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும்.

முதல் 25 நிமிடம் மேலே அலுமினியத் தாளால் மூடுங்கள். ஓரத்தை டின்னின் விளிம்புக்குக் கீழே நன்றாக மடக்கி இறுக்க வேண்டும். லேசாக வைத்தால் விசிறி அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டவைத்துவிடும். அப்புறம் தாளை எடுத்துவிட்டு நிறம் வரவிடுங்கள். நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள், ஓரத்தில் குத்தினால் எப்போதும் வெந்த மாதிரிதான் தெரியும். மேலே கூம்பாக எழும்பி வெடித்திருந்தால் சூடு இன்னும் அதிகம். அடுத்த முறை 150.

தூத்துக்குடி மக்ரூன் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் குறைந்த சூட்டில் மெதுவாக உலரவேண்டிய பண்டம் அது. இங்கே விசிறி அந்தக் கூர்முனையைச் சாய்த்துவிடும், மேல் பாகம் பழுப்பாகும், உள்ளே பிசுபிசுக்கும். அதற்குப் பேசாமல் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.